ஊற்றுநீர்ப் பரிசோதனைப் பயிற்சி: பணி நிறைவு அறிக்கை

குடிநீர்க் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுத் தொட்டி கட்டி முடிந்ததும் தண்ணீரை நாமே சோதித்துப் பார்க்க ஆட்களைப் பழக்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். ஐப்பசியில் தொடங்கிய அந்தப் பயிற்சி மாசியோடு நிறைவடைந்தது. 9 பேர் பி.எச்., கடினத்தன்மை ஆகிய இரண்டையும் யார் துணையும் இல்லாமல் செய்கிறார்கள். அளவைச் சொல்லாமல் கொடுத்த இரண்டு பாட்டில்களிலும் சரியான விடையைக் கண்ட பிறகே அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினோம். வரவு செலவு தனித்தாளில் உள்ளது. என்ன கற்றுக்கொடுத்தோம், எங்கே தவறு நேர்ந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

நம் ஹட்டிக்கு மேலே சோலையிலிருந்து வரும் ஊற்று நீர் மிகவும் மென்மையானது. நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். அதில் சுண்ணாம்புப் பாறை கிடையாது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வேர்களும் மக்கிய இலைகளும் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு இல்லாததால் அப்படியே வெளியே வருகிறது. இப்படிப்பட்ட நீரின் பி.எச்.சைச் சிறு அழுக்கும் மாற்றிவிடும். சமவெளியின் போர்வெல் நீருக்குப் போதுமான கவனம் இங்கே போதாது.

முதலில் வாங்கிய பி.எச். காகிதப் பட்டைகளை இரண்டாம் வாரத்திலேயே ஒதுக்கிவிட்டோம். இவ்வளவு மென்மையான நீரில் பட்டையின் சாயமே நீரின் பி.எச்.சை இழுத்துவிடுகிறது, ஒரே பாட்டிலுக்கு மூன்று பேர் மூன்று எண் சொன்னார்கள். அதற்குப் பதிலாக மூன்று திரவ நிறங்காட்டிகளை வைத்துக்கொண்டோம். புரோமோகிரிசால் ஊதா 5.2 முதல் 6.8 வரை மஞ்சளிலிருந்து ஊதாவாகும். புரோமோதைமால் நீலம் 6.0-க்கும் 7.6-க்கும் இடையே மஞ்சள், பச்சை, நீலம் என்று போகும். தைமால் நீலம் 8.0-லிருந்து 9.6 வரை மஞ்சளிலிருந்து நீலமாகும். சோதனைக் குழாயை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். கலக்கும்போது வாயை விரலால் மூடக் கூடாது, வியர்வையும் சோப்பும் பட்டாலே நிறம் மாறும். கிட்டில் சொன்ன துளிக்கு மேல் ஒரு துளிகூடக் கூடாது. பின்னால் வெள்ளைத் தாளை வைத்து, வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

பி.எச்.சை ஊற்றடியிலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு செய்முறை காட்டினோம். ஒரே ஊற்று நீரை இரண்டு பாட்டில்களில் எடுத்தோம். ஒன்றை விளிம்புவரை நிரப்பி, நீருக்குள்ளேயே மூடியிட்டோம். மற்றதைப் பாதி நிரப்பி, மூடியை அவ்வப்போது திறந்து, பத்து நிமிடம் குலுக்கினோம். இரண்டிலும் புரோமோதைமால் நீலம் விட்டபோது முதலாவது மஞ்சளாகவே நின்றது, இரண்டாவது பச்சையாகிவிட்டது. குலுக்கியதில் கரியமில வாயு வெளியேறியதுதான் காரணம். பையில் ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோதித்தால் கிடைப்பது ஊற்றின் பி.எச். அல்ல.

கடினத்தன்மைக்கு இ.டி.டி.ஏ. முறை. 100 மி.லி. நீரில் 2 மி.லி. அம்மோனியா பஃபர், உப்போடு அரைத்த எரியோக்ரோம் பிளாக் டி தூள் ஒரு சிட்டிகை. நீர் திராட்சை ரசச் சிவப்பாகும். ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்சில் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலை ஏற்றி, காற்றுக் குமிழியை வெளியேற்றி, துளித்துளியாக விட வேண்டும். சிவப்புச் சாயல் துளியும் இல்லாத நீலம் வந்ததும் நிறுத்தி, விட்ட மி.லி.யைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மி.கி. என்ற விடை வரும். வாலை வடிநீரிலும் இதையே செய்து, அதில் செலவான அளவை முன்கூட்டியே கழித்துக்கொள்ள வேண்டும்.

இதில் அதிகம் நடந்த தவறு தாண்டிப் போவது. காலைக் குளிரில் எடுத்த நீரில் நிறம் மெதுவாகத்தான் மாறும். மாறவில்லையே என்று அடுத்தடுத்துத் துளி விட்டால் விடை கூடிவிடும். தாண்டியதற்கு அடையாளமே இருக்காது, நீலம் நீலமாகவே நிற்கும். ஆகவே நீரை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஊதா தெரிந்ததிலிருந்து துளிக்கு ஐந்து விநாடி காத்திருக்கச் சொன்னோம். நீலம் தெளிவாக வராமல் மங்கலாக இழுத்தால் பஃபரை முகர்ந்து பாருங்கள். அம்மோனியா நெடி குறைந்திருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிப்பது ஏன் என்பதைப் புதுத் தொட்டியே காட்டிக்கொடுத்தது. தொட்டி நீருக்குப் புரோமோதைமால் நீலத்தில் நல்ல நீலம் வந்தது. பி.எச். 7.6 என்று எழுதினார்கள். இந்திய குடிநீர்த் தரம் சொல்லும் 6.5–8.5-க்குள் இருப்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் கடினத்தன்மைக்கு ஊற்றில் 1.9 மி.லி. செலவானது, தொட்டியில் 4.3 மி.லி. வாலை வடிநீருக்கான 0.1-ஐக் கழித்தால் ஊற்று 18, தொட்டி 42. வேறு நீர் எதுவும் கலக்காமல் ஒரே நாளில் 24 மி.கி. எங்கிருந்து வரும்? புதுச் சிமென்ட் பூச்சிலிருந்து கரைந்த சுண்ணாம்புதான். சுண்ணாம்பு கரைந்த நீர் 7.6-இல் நிற்குமா என்ற சந்தேகத்தில் தைமால் நீலம் விட்டுப் பார்த்தோம். நீலம் கலந்த பச்சை வந்தது, அதாவது 9-க்குச் சற்று மேல்.

நிற அட்டையின் கடைசிக் கட்டம் ஓர் எண் அல்ல. ‘இதுவோ, இதற்கு மேலோ’ என்றுதான் அதற்குப் பொருள். முதல் கட்டமும் அப்படியே. விளிம்பு நிறம் வந்தால் அடுத்த நிறங்காட்டியால் பார்க்காமல் எண் எழுதக் கூடாது என்பதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஊற்றுக்கு அதுவரை எழுதிய 6.0-ஐயும் இப்படித் திருத்தினோம். புரோமோகிரிசால் ஊதாவில் அது 5.8 ஆனது.

தொட்டியின் பி.எச். 9-ஐத் தாண்டியதால் கசப்பு மட்டுமல்ல, ப்ளீச்சிங் பவுடரின் வேலையும் கெடுகிறது. பி.எச். ஏற ஏறக் கிருமியைக் கொல்லும் குளோரின் வடிவம் குறைந்துகொண்டே போகும். அதனால் விநியோகத்தை நிறுத்தி, தொட்டியை நிரப்பி ஒரு நாள் வைத்து வடிப்பதை ஐந்து முறை செய்தோம். கடைசியில் கடினத்தன்மை 21, புரோமோதைமால் நீலத்தில் பச்சை. அதன்பிறகே குழாயைத் திறந்தோம்.

கடினத்தன்மை 18 என்பது குறை அல்ல. தரத்தில் சொல்லும் 200 மி.கி. மேல் வரம்பு, குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று எதுவும் இல்லை. ஆனால் 5.8 என்ற பி.எச்.சும் இந்த மென்மையும் சேர்ந்தால் ஜி.ஐ. குழாயையும் பித்தளைக் குழாய்வாயையும் அரிக்கும். ஊற்றிலிருந்து நேரடி இணைப்பு உள்ள வீடுகள் இரவு முழுக்கக் குழாயில் நின்ற நீரைக் காலையில் குடிப்பதற்கு எடுக்காமல், சில நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்கவும். கிருமி உண்டா என்பதை இந்த இரண்டு சோதனைகளும் சொல்லாது. அதற்கான மாதிரியைத் தனியாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இனி மாதம் ஒரு முறை ஊற்று, தொட்டி, கடைசித் தெருக்குழாய் மூன்றிலும் இருவர் தனித்தனியாகச் சோதிப்பார்கள். கடினத்தன்மையில் 0.2 மி.லி.க்கு மேல் வேறுபட்டால் இருவரும் மறுபடி செய்ய வேண்டும். கிட், பதிவேடு, நிற அட்டைகள் சமுதாயக் கூட அலமாரியில், வெயில் படாத தட்டில் உள்ளன. சாவி பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
குடிநீர்க் குழு