செய்தேன், செய்தோம், செய்யப்பட்டது

அன்புள்ள கண்ணம்மா,

பொறுப்புச் செவிலியர் பதவிக்கான உன் விண்ணப்பத்தை நேற்று இரவு படித்தேன். சாதனைப் பத்தியை இரண்டு விதமாக எழுதி, எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் வைக்காதே.

முதலாவதில், “அவசரப் பிரிவில் கெட்டுப்போகும் ரத்த மாதிரிகளை 100க்கு 14லிருந்து 5 ஆகக் குறைத்தேன்” என்கிறாய். முப்பது வருடம் லேபில் உட்கார்ந்திருந்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. ரத்தம் எடுப்பவர், கொண்டுவருபவர், சென்ட்ரிஃபியூஜில் போடுபவர் என்று எத்தனை கை மாறுகிறது! நேர்காணலில் லேப் ஆள் ஒருவர் இருந்தால் அங்கேயே உன்னை நிறுத்திவிடுவார்.

இரண்டாவதில், “குழுவின் கூட்டு முயற்சியால் குறைக்கப்பட்டன” என்று போட்டிருக்கிறாய். அதில் நீ எங்கே இருக்கிறாய்? தமிழில் வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். செய்தேன் என்றால் நான், செய்தோம் என்றால் நாங்கள். “செய்யப்பட்டது” என்று எழுதினால் ஒருவருமே இல்லை. அடக்கம் என்று நினைத்து எழுதியிருப்பாய். படிப்பவருக்கோ நீ கூட்டத்தோடு நின்றவள் என்றுதான் தோன்றும்.

போனில் நீ சொன்னதைக் கேட்டபோது விஷயம் தெளிவாக இருந்தது. சீரம் சிவந்து திரும்பிய மாதிரிகளை ஆறு வாரம் தனி நோட்டில் குறித்தவள் நீ. எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தாய். பெரும்பாலானவை நோயாளிக்கு ஏற்கெனவே போட்டிருந்த கேனுலாவில் சிரிஞ்சை வைத்து வேகமாக இழுத்தவை என்று அதில்தான் தெரிந்தது. அப்படி இழுத்தால் சிவப்பணு உடையும், பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட ஏறிக் காட்டும், மருத்துவர் பயப்படுவார். இதைக் கண்டுபிடித்தது உன் நோட்டு. ஆனால் வேறு ரத்தக்குழாயில் புதிதாகக் குத்தி எடுக்கலாம் என்ற முடிவு மருத்துவருடையது. வாராவாரம் எண்ணிக்கை கொடுத்தது லேப் டெக்னீஷியன். இரவு ஷிப்டில் பதினொரு பேருக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது மறுபடியும் நீ.

இன்னொன்றை நீ இரண்டிலும் விட்டுவிட்டாய். அதே மாதங்களில் உறிஞ்சுவிசை குறைந்த டியூப்கள் வந்தன அல்லவா? அதனாலும் சிவப்பணு உடைவது குறையும். ஆகவே 14க்கும் 5க்கும் நடுவில் உன் பங்கு எவ்வளவு என்று உன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் எண்ணைக் குழுவுக்குக் கொடு, உன் செயலை உன்னிடம் வைத்துக்கொள். “தலைமை தாங்கினேன்”, “முக்கியப் பங்காற்றினேன்” எதுவும் வேண்டாம். அவற்றைக் கேட்டு யாராலும் உன்னை நோட்டோடு கற்பனை செய்ய முடியாது.

நான் எழுதிப் பார்த்தது இது:

“எங்கள் அவசரப் பிரிவு அனுப்பிய ரத்த மாதிரிகளில் 100க்கு 14, சிவப்பணு உடைந்து திரும்பி வந்தன. செவிலியர், மருத்துவர், லேப் டெக்னீஷியன் அடங்கிய ஐந்து பேர் குழுவாக எட்டு மாதங்களில் இதை 5 ஆகக் குறைத்தோம். திரும்பிய மாதிரிகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஆறு வாரம் குறித்துவைத்தேன். பெரும்பாலானவை கேனுலா வழியாக எடுத்தவை என்று கண்டுபிடித்தேன். புதிதாகக் குத்தி எடுக்க மருத்துவர் அனுமதித்தபின், இரவு ஷிப்டில் பதினொரு செவிலியருக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுத்தேன். உறிஞ்சுவிசை குறைந்த டியூப்களுக்கு மாறியதும் உதவியது.”

‘தோம்’ ஒரு இடத்தில், ‘தேன்’ மூன்று இடத்தில். அந்த மூன்றைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் உன்னிடம் பதில் இருக்கிறது. நோட்டில் எத்தனை கட்டம், யார் முதலில் முரண்டு பிடித்தார்கள், எல்லாமே.

நான் வேலையில் இருந்தபோது மாதிரிகள் வழியில் வெயிலில் கிடப்பதை முதலில் சொன்னவர் எங்கள் உதவியாளர். அறிக்கையில் ‘கவனித்தேன்’ என்று எழுதியவள் நான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் முதல் எதையும் வந்து சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அனுப்புவதற்கு முன் இந்தப் பத்தியை உங்கள் லேப் டெக்னீஷியனிடம் படித்துக்காட்டு. எங்கே அவர் முகம் மாறுகிறதோ அந்த வினையை மாற்று. அவருக்கும் சேர்த்துத்தான் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பார்சல் வரும்.

அன்புடன்,
அம்மா