தண்ணி கொண்டு வரட்டுமா, தாத்தா?

சுங்கை சிப்புட்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள லெட்சு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு வேலை வந்து நிற்கும். இன்றைக்கு நல்ல மழை. மகனும் மருமகளும் பசாருக்குப் போய்விட்டார்கள், பேரன் தூங்குகிறான், நான் எழுதுகிறேன்.

உன் பேரன் யார் வந்தாலும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், சம்பந்தி வீட்டார் முன்னால் உனக்கு முகம் சுருங்கிப் போனது என்று எழுதியிருந்தாய். பாலர் பள்ளியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய நான் மந்திரம் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாயாக்கும். போன வருஷம் என் வீட்டிலும் இதே கதைதான். எங்கள் அண்ணன், முட்டி வலியோடு ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். என் பேரன் அவரைப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே போனவன், அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. "வணக்கம் சொல்லு, வணக்கம் சொல்லு" என்று நானே பத்து தடவை கத்தியிருக்கிறேன். ஊரார் பிள்ளைகளிடம் ஒருநாளும் செய்யாத தப்பு அது.

ஐந்து வயசுப் பிள்ளையை ஆள் முன்னால் நிறுத்தி "சொல்லு" என்றால், எல்லாக் கண்ணும் அவன் வாயைத்தான் பார்க்கும். பெரியவர்களுக்கே தொண்டை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு நாமே "இவன் கொஞ்சம் கூச்சம்" என்று வந்தவரிடம் சமாதானம் சொல்கிறோம். அதை அவன் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறான்? நாலு தடவை கேட்டால் 'நான் கூச்சக்காரன், எனக்குப் பேச வராது' என்று அவனே முடிவு கட்டிவிடுவான். அந்த வார்த்தையை முதலில் வீட்டை விட்டுத் துரத்து.

அடுத்து, வந்தவர் எதிரில் பாடம் நடத்தாதே. பாடம் எல்லாம் ஆள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அண்ணன் மறுபடி வருவதாகச் சொன்ன வாரம், மூன்று நாள் சாயங்காலம் கேட்டருகே விளையாடினோம். ஒரு தடவை நான் தாத்தாவாக, குடையை ஊன்றிக்கொண்டு நொண்டி வருவேன். அவன் வீட்டுக்காரன். மறு தடவை அவன் தாத்தா, நான் வீட்டுக்காரி. அவன் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: "வாங்க தாத்தா." 'வணக்கம்' என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அது மேடையிலும் பள்ளியிலும் சொல்வது. நம் வீட்டு வாசலில் யார் யாருக்கு வணக்கம் சொன்னார்கள்? 'வாங்க' என்று முறை வைத்துக் கூப்பிடுவதுதானே நம் பழக்கம். பிள்ளைக்கும் அதுதான் நாக்கில் எளிதாக வருகிறது.

அண்ணன் வந்த அன்று முதலில் நானே சத்தமாக "வாங்கண்ணே" என்றேன். பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணினேன். இந்த ஐந்தை எண்ணுவதுதான் கஷ்டம், லெட்சு! இரண்டு எண்ணுவதற்குள் நம் வாய் முந்திக்கொண்டு அவனுக்காகப் பேசிவிடும். நாலாவது எண்ணில் என் பாவாடைக்குப் பின்னாலிருந்து "வாங்க" என்று ஈனஸ்வரத்தில் கேட்டது. 'தாத்தா' என்ற சொல் வரவில்லை, முகமும் தெரியவில்லை. போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை வேறு ஒருவர் வந்தபோது தோளை மட்டும் தொட்டேன். அதற்கப்புறம் ஒரு பார்வை. இப்போது அதுவும் வேண்டியதில்லை. உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொள்ள வேண்டும். ஒரேயடியாக விட்டாலும் கெட்டது, விடாமல் நச்சரித்தாலும் கெட்டது.

என் மகன் குறுக்கே ஒரு வேலை செய்தான். "வாங்க சொன்னா ஒரு வெள்ளி" என்று ஆசை காட்டிவிட்டான். அன்று பையன் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்குக்கூடக் கையசைத்தான். மறுநாள் காசு இல்லை, வாயும் இல்லை. பயிற்சிக்குப் போன காலத்தில் படித்தது ஞாபகம் வந்தது. வார்னெக்கென், டோமசெல்லோ என்று இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 2008-ல் எழுதியது. இருபது மாதக் குழந்தைகள் உதவி செய்தபோது சிலருக்குப் பொருள் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். பரிசு வாங்கியவர்கள் பிறகு உதவுவது குறைந்துபோனது. வெறும் பாராட்டு கேட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இதை மகனிடம் சொன்னேன். "ஒரு வெள்ளிக்கு இவ்வளவு பாடமா?" என்றான். இருந்தாலும் நிறுத்திவிட்டான்.

இனி நீ கேட்ட இரண்டாவது சங்கதி, வந்தவரிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்கப் பழக்குவது. நான் சறுக்கியது இங்கேதான். "ஏதாவது வேணுமான்னு கேளு" என்று சொல்லிக் கொடுத்தேன். மனப்பாடமாகக் கேட்டான். வந்தவர் என்ன சொல்வார்? நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, நாக்கு வறண்டு கிடந்தாலும் "ஒண்ணும் வேணாம்பா" என்பார்கள். உடனே வேணும் என்றால் மரியாதை இல்லையாம். இவன் மூன்று பேரிடம் கேட்டான், மூன்று 'வேணாம்' வாங்கினான், நாலாவது ஆளிடம் கேட்கவே இல்லை. அவன் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தானே. கேட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் எதற்குக் கேட்பது?

அதனால் இரண்டை மாற்றினேன். கேள்வியைச் சின்னதாக்கினேன்: "தண்ணி கொண்டு வரட்டுமா?" இது அவன் கையால் செய்யக்கூடியது. வந்தவரும் யோசிக்க வேண்டியதில்லை. இன்னொன்று, வருகிறவருக்கு முன்கூட்டியே போன் போட்டு, "பையன் தண்ணி வேணுமான்னு கேப்பான், வேணும்னு சொல்லுங்க" என்று ஏற்பாடு செய்தேன். திருட்டுத்தனம்தான், இருக்கட்டும். அண்ணன் "கொண்டாய்யா, தொண்டை காயுது" என்று சொன்னதும் அவன் ஓடின ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். சில்வர் டம்ளரில் பாதி மட்டும் ஊற்றி வைத்திருந்தேன். முழுசாக இருந்தால் கூடம் நனையும், நாம் திட்டுவோம், எல்லாம் பாழ். இரண்டு கையாலும் பிடித்து, டம்ளரை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்தான். அண்ணன் முழுவதையும் குடித்துவிட்டு வெறும் டம்ளரை அவன் கையிலேயே கொடுத்தார். அதைத் திருப்பிக் கொண்டுபோனதில்தான் அவனுக்கு ரொம்பப் பெருமை.

வாய்ப்பாடு பழகிவிட்டால் அதிலேயே நின்றுவிடும். இவன் ஒரு வாரம் எல்லாரிடமும் தண்ணி தண்ணி என்று உயிரை எடுத்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரிடமும் கேட்டான். அப்புறம்தான் 'ஆளைப் பார்' என்ற விளையாட்டு ஆரம்பித்தோம். ஒட்டுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அதோ வர்ற பாட்டிக்கு என்ன வேணும், சொல்லு?" இரண்டு கையிலும் பை இருந்தால் கதவு. வேர்த்திருந்தால் காத்தாடி. நின்றுகொண்டே இருந்தால் நாற்காலி. ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் வேண்டாம். அதுவும் ஒரு விடைதான். இந்தப் பார்வை பிள்ளைகளுக்கு நாம் ஊட்டியா வருகிறது? அதே ஆராய்ச்சிக்காரர்கள் இருவரும் 2006-ல் பதினெட்டு மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டினார். பல குழந்தைகள் சொல்லாமலே போய் எடுத்துக் கொடுத்தன. வேண்டுமென்றே வீசி எறிந்தபோது அப்படி எடுத்துக் கொடுக்கவில்லை. எது தேவை, எது தேவையில்லை என்று அந்த வயசிலேயே தெரிகிறது பார்.

தொனி ஒன்று இருக்கிறது. காத்தாடி பழுதுபார்க்க வந்த தம்பியிடம் இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "என்ன வேணும்?" என்றான். கடைக்காரன் கேட்கிற மாதிரி! தமிழில் 'என்ன வேணும்' என்றால் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுப் போ என்றுதான் காதில் விழும். 'வேணுமா', 'கொண்டு வரட்டுமா' என்றால்தான் உபசாரம். இதைத் திட்டித் திருத்த முடியாது. நான் சரியாகக் கேட்பதை அவன் நாலு முறை கேட்டால் தானாக வரும். எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக்கிடம் இவன் பேசுவதே இல்லை. அவள் வலது கையைப் பிடித்து நெற்றியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து அவனாகப் பிடித்துக்கொண்டது. வார்த்தை வராத பிள்ளைக்குக் கை உதவுகிறது. உன் பேரனுக்கும் முதலில் கைகூப்பினால் போதும் என்று விட்டுப் பார்.

ஆனால் யாரையும் கட்டிப்பிடி, முத்தம் கொடு என்று மட்டும் தள்ளாதே. மரியாதை வாயிலும் கையிலும் இருந்தால் போதும். தனியாக இருக்கும்போது தெரியாத ஆள் 'கொஞ்சம் உதவி பண்ணு' என்று கூப்பிட்டால் போகாமல் வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவை. இன்னொன்று, வீட்டில் வாயாடும் பிள்ளை வெளியே யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், பாலர் பள்ளியில் முதல் மாதம் போனபிறகும் மாசக்கணக்கில் இப்படியே இருந்தால் அது வேறு. அதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும். உன் பேரன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதனால் எனக்கு அந்தப் பயம் இல்லை.

நான் ஏன் அதட்டி வாங்கும் வணக்கத்துக்கு இவ்வளவு எதிரி என்று கேட்பாய். தோட்டத்து லயத்தில் நாம் இருந்தபோது கணக்கு எழுதும் கிராணி வந்தால் எழுந்து நிற்போமே, அது மரியாதையா? என் அப்பாவின் அப்பா வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவாராம். உங்கள் கிள்ளான் பக்கம் 1941-ல் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இப்படி இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். பேரன் 'வாங்க' என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம் வரக் கூடாது.

தீபாவளிக்கு நீ இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். பையனிடம் சொல்லிவிட்டேன், 'கிள்ளான் பாட்டி' என்று பேர்கூட வைத்துவிட்டான். வாசலில் ஐந்து எண்ணும்வரை பொறுத்திரு. டம்ளரோடு வந்தால், வழியில் நாலு மைலோ குடித்திருந்தாலும் வேணாம் என்று சொல்லிவிடாதே. குடித்துவிட்டு டம்ளரை அவன் கையிலேயே கொடு, மேசையில் வைக்காதே. உன் பேரனையும் கூட்டி வா. வந்ததும் ஒளிய வேண்டுமென்றால் ஒளியட்டும், எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே நல்ல இடம் இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி