மற்றவர்களுக்காக ஓடர் போடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

ஒவ்வொரு லயத்திலும் உங்களில் ஒருவராவது இருக்கிறீர்கள். கையில் ஒரு நல்ல போன் இருக்கும், ஓடர் போடத் தெரியும். பக்கத்துக் காம்பரா அக்கா வந்து, “தம்பி, இதுல நல்ல குக்கரா ஒண்ணு பார்த்துச் சொல்லு” என்பார். நீங்கள் ஸ்டாரைப் பார்ப்பீர்கள். 4.8 என்று இருந்தால், “நல்ல சாமான்தான் அக்கா, போடலாம்” என்று சொல்லிவிடுவீர்கள். அவரும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். மஸ்கெலியாவில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் நானும் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். அந்த 4.8ஐ எப்படிப் படிக்க வேண்டும் என்பதை ஒரு மழைக்கோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன்.

2025 ஜூன் மாதம். என் சின்னம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டாலும் தோளும் முதுகும் நனைந்துகொண்டே இருக்கிறது, ஒரு நல்ல கோட்டு வாங்கிக் கொடு என்றார். ஆன்லைனில் ஒன்றைப் பிடித்தேன். விலை 3,900 ரூபாய், 4.7 ஸ்டார், 212 ரிவியூ. கடையின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் 212 பேர் பொய் சொல்லவா போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய். ஏறக்குறைய மூன்று நாள் மலையேறிய காசு அது.

கோட்டு வந்த வாரம் பெரிதாக மழை இல்லை. அடுத்த வாரம் பிடித்த மழையில் முதல் நாளே தோள் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. உள்பக்கம் தையலை மூடி ஒட்டியிருந்த டேப் நாலாம் நாள் உரிந்து தொங்கியது. திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த ஏழு நாளும் அதற்குள் முடிந்திருந்தது. கடைக்காரருக்கு மெசேஜ் போட்டேன். பார்த்தார், பதில் இல்லை. சின்னம்மா என்னைத் திட்டவில்லை. கோட்டை மடித்து அடுப்படி மூலையில் வைத்துவிட்டு, மறுநாள் பழைய பொலித்தீனை மாட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அன்று இரவு கடையைப் பூட்டிய பிறகு உட்கார்ந்து, வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டிய 212 ரிவியூவையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

முதலில் புதியது மேலே வரும்படி வரிசையை மாற்றினேன். ஆப் தானாகக் காட்டும் வரிசையில் படம் போட்ட, புகழ்ந்து எழுதிய ரிவியூதான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். தேதி வரிசைக்கு மாற்றியதும் வேறொரு கதை தெரிந்தது. 212இல் 150 ரிவியூ மார்ச் மாதத்தில் ஒரே ஆறு நாளுக்குள் வந்தவை. அத்தனையும் ஐந்து ஸ்டார். அதற்கு முன்னும் பின்னும் வாரத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். மழைக்கோட்டை மக்கள் தேடி வாங்குவது மே, ஜூனில். மார்ச்சில் ஆறே நாளில் 150 பேர் வாங்கி, ஒருவருக்குக்கூட ஒரு குறையும் தெரியவில்லை என்றால் எப்படி?

ஒரே வாரத்தில் குவிந்தாலே பொய் என்று நான் சொல்லவில்லை. சித்திரைப் புத்தாண்டுக் கழிவு, நவம்பர் 11 விற்பனை போன்ற நேரங்களில் உண்மையான ரிவியூவும் குவியும். ஆனால் உண்மையான கூட்டத்தில் எல்லா வகை மனிதரும் இருப்பார்கள். சைஸ் பிழை என்பவர், நிறம் வேறு என்பவர், பார்சல் நசுங்கி வந்தது என்று ஒரு ஸ்டார் போடுபவர் எல்லாரும் அதே வாரத்தில் கலந்து நிற்பார்கள். குவியலும் இருந்து, அதற்குள் ஒரு முணுமுணுப்புகூட இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் எழுதியிருந்ததைப் படித்தேன். “சூப்பர் குவாலிட்டி. சொன்ன மாதிரியே இருக்கு. சீக்கிரம் வந்தது. நன்றி.” தமிழில் இப்படி, சிங்களத்திலும் இதே, ஆங்கிலத்திலும் இதே. மூன்று மொழியிலும் வரிசை மாறவில்லை: தரம், வேகம், நன்றி. மழை என்ற சொல் அந்த 150இல் ஒன்றில்கூட இல்லை. மழைக்கோட்டுக்கு எழுதிய ரிவியூ அது! படங்களில் கோட்டு மடித்தபடி பொலித்தீன் பைக்குள் இருந்தது. யாரும் அதைப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதிலும் ஏழு பேருடைய படத்தில் ஒரே சாம்பல் நிறத் தரை ஓடு, மூலையில் ஒரே வெடிப்பு. ஏழு பேரும் ஒரே வீட்டிலா இருக்கிறார்கள்?

பெயருக்குப் பக்கத்தில் “Verified Purchase” என்று இருந்ததே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் நம்பினேன். அந்த அடையாளம், அந்தக் கணக்கிலிருந்து ஓடர் போனது என்பதை மட்டும்தான் சொல்லும். பொய் ரிவியூ வாங்குகிற கடைக்காரர் ஒரு குழுவில் ஆள் சேர்ப்பார். நீ உன் கணக்கில் வாங்கு, ஐந்து ஸ்டார் போடு, ஸ்கிரீன்ஷொட் அனுப்பு, காசைத் திருப்பித் தருகிறேன் என்பார். சில கடைக்காரர் ஏதோ மலிவான சாமானைப் பார்சலில் போட்டு அனுப்பி, ஓடர் நடந்ததாகக் கணக்குக் காட்டுவதும் உண்டு. இரண்டிலும் ஓடர் உண்மையானது, ரிவியூ மட்டும் பொய்.

சரி, அந்த 150ஐயும் ஒதுக்கிவிட்டால் என்ன மிஞ்சுகிறது? ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மீதி 62 பேரில் ஐந்து ஸ்டார் 30, நாலு 12, மூன்று 8, இரண்டு 4, ஒன்று 8. கூட்டிப் பார்த்தால் 238. அதை 62ஆல் பிரித்தால் 3.8. அந்தக் கோட்டின் உண்மையான மதிப்பு அதுதான். 4.7 என்பது அதன் மேல் பூசிய வர்ணம். குறைந்த ஸ்டார் போட்டவர்களைப் படித்தபோது ஐந்து பேர் தோள் தையலைப் பற்றியே எழுதியிருந்தார்கள். “பைக்கில் போனேன், தோளில் தண்ணி இறங்குது” என்று ஒருவர் ஏப்ரலிலேயே எழுதி வைத்திருந்தார். சின்னம்மாவுக்கு நடந்ததை இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். நான்தான் கீழே போய்ப் படிக்கவில்லை.

அந்த 30 உண்மையான ஐந்து ஸ்டாரையும்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றில் பாதிக்கு மேல் சாமான் வந்த நாளிலேயே போட்டவை. பொய் இல்லை, கூரியர் நேரத்துக்கு வந்த சந்தோஷத்தில் போட்ட ஸ்டார். “கிடைத்தது” என்று அழுத்தியவுடனே சில ஆப் ரிவியூ கேட்கிறது. எழுதினால் கொஞ்சம் புள்ளியும் தருகிறது. பையைப் பிரிக்காமலே போடுகிறவர்கள் உண்டு. அது கூரியரைப் பற்றிச் சொல்லும், கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நமக்கு வேண்டியது பாவித்த பிறகு எழுதியது. “ரெண்டு மாசம் ஆச்சு”, “ஒரு தடவை கழுவினேன்”, “அப்பா தினமும் போடுறார்” என்று காலமும் ஆளும் வருகிற வரிகளைத் தேடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் உண்மை, சுத்தமாக எழுதியிருந்தால் பொய் என்று பார்க்காதீர்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது கோட்டை அடுத்த மாதம் என் காசில் வாங்கினேன். 4,600 ரூபாய், 4.3 ஸ்டார், 58 ரிவியூ. முன்பு இருந்த நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அந்த 58உம் பதினாலு மாதத்தில் ஒன்றிரண்டாக வந்தவை, மழை மாதங்களில் கொஞ்சம் கூட. குறை சொன்னவர்கள் சொன்னது இரண்டே விஷயம்: சைஸ் சிறியது, ஜிப் இறுகுகிறது. தண்ணீர் இறங்குகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பெரிய சைஸ் எடுத்தால் முதல் குறை தீரும். ஜிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்தால் இரண்டாவதும் தீரும். குறையே இல்லாத சாமானைத் தேடுவதை நான் விட்டுவிட்டேன். என்ன குறை, அதோடு நம் ஆள் சமாளிக்க முடியுமா என்றுதான் இப்போது பார்க்கிறேன். மழைக்கோட்டில் ஜிப் இறுகினால் சமாளிக்கலாம். தையல் ஒழுகினால் அது மழைக்கோட்டே இல்லை.

பேஸ்புக் பக்கத்தில் விற்கிறவர்கள் விஷயம் வேறு. ரிவியூ பகுதியை அவர்களே மூடி வைக்கலாம், பிடிக்காத கொமன்ட்டை மறைக்கலாம். வாடிக்கையாளர் பாராட்டியதாக அவர்கள் போடும் ஸ்கிரீன்ஷொட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. அங்கே “Page transparency” என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர் இருந்தது என்று தெரியும். போன மாதம் வரை சமையல் குறிப்புப் பக்கமாக இருந்தது இன்று சப்பாத்து விற்றால் விலகிவிடுங்கள். கையில் கிடைத்த பிறகு காசு என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. காசைக் கொடுக்கும் முன் பார்சலைப் பிரித்துப் பார்க்க அநேகமான கூரியர்கள் விடுவதில்லை.

ஒழுங்கான புதுக் கடையும் உண்டு. அங்கே ஏழெட்டு ரிவியூதான் இருக்கும். அதற்காக அதை ஏமாற்றுக் கடை என்று தள்ள வேண்டாம். சாமானைப் போட்டுக் காட்டி ஒரு சின்ன வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், தையலைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். சாமான் கையில் இருக்கிறவர் அனுப்புவார். முதல் ஓடர் விலை குறைந்ததாக இருக்கட்டும். ஏமாந்தால் விளம்பரத்தையும் ரசீதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அக்காவுக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபப்படாதீர்கள். ஸ்டார் போட்டால் காசு என்ற வேலைக்கு உங்களில் சிலரும் போயிருக்கிறீர்கள். என் கடையில் உட்கார்ந்தே ஒரு தம்பி செய்தான், ஒன்றுக்கு 100 ரூபாய் என்றான். பிறகு பெரிய வேலைக்கு முதலில் காசு கட்டச் சொன்னார்கள், கட்டியதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் இழந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் அவன் போட்ட ஐந்து ஸ்டாரைப் பார்த்து எங்கோ ஒரு அம்மா மூன்று நாள் சம்பளத்தைக் கொடுத்திருப்பார். அமெரிக்காவில் 2024 ஒக்டோபர் முதல் பொய் ரிவியூ வாங்குவதையும் விற்பதையும் தடுக்க ஒரு விதியே நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்சலுக்குள் “ஐந்து ஸ்டார் போட்டால் ரீலோட்” என்று அட்டை வந்தால், அதைப் படம் எடுத்து ரிவியூவிலேயே போடுங்கள்.

நீங்கள் ஓடர் போட்டுக் கொடுத்த சாமான் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். இரண்டாவது கோட்டுக்கு ஆறு வாரம் கழித்துச் சின்னம்மாவிடம் கேட்டு நான் எழுதியது இது:

“சின்னம்மா கொழுந்து எடுக்கப் போட்டுப் போகிறார். ஆறு வாரம், பெரும்பாலும் மழை. தோள் நனையவில்லை. கூடைக் கயிறு உரசும் இடத்தில் மேல்பூச்சு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஜிப் இறுகுகிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். நாலு ஸ்டார்.”

அன்புடன்,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரன்