தம்பியின் காது அச்சு மாறுகிறது

அன்பு மகளுக்கு,

நேற்று தொலைபேசியில் நீ கேட்ட கீச்சொலி உன்னைக் கலங்க வைத்துவிட்டது என்று தெரிகிறது. தம்பியின் காது கேட்கும் கருவி கெடவில்லை. அவன் காதுதான் வளர்ந்து, கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு சிறியதாகிவிட்டது.

என் தோளில் சாயும்போது மட்டும் கருவி கீச்சிட்டால் நான் பொருட்படுத்துவதில்லை. கருவியின் ஒலிவாங்கியைத் தோள் மூடுவதால் வரும் ஒலி அது. இந்த வாரம் நிமிர்ந்து உட்கார்ந்து பால் குடிக்கும்போதே கீச்சிட்டது. அச்சை விரலால் மெல்ல அழுத்தினேன், நின்றது. பிறகு கழற்றி, அச்சின் துளையை விரலால் இறுக மூடிப் பார்த்தேன். அப்போதும் சத்தமில்லை. மூடியும் கீச்சிட்டிருந்தால் குழாயில் விரிசல் இருக்கலாம், அல்லது கருவியிலேயே பழுது இருக்கலாம். இங்கே அச்சுக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, பெருகிய ஒலி வெளியே கசிந்து ஒலிவாங்கிக்கே திரும்புகிறது.

சத்தத்தைக் குறைத்தால் கீச்சொலி அடங்கிவிடும் என்று உன் அத்தை சொன்னார். அடங்கும்தான். ஆனால் அவனுக்குப் பேச்சும் சேர்ந்து குறைந்துவிடும். அதற்கு நான் ஒப்பவே மாட்டேன்.

மருத்துவமனையில் செவித்திறன் நிபுணர் முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நூல் கட்டிய சிறு நுரைத்துண்டைக் காதுக்குள் வைத்து, மென்மையான சிலிக்கான் பசையை நிரப்பினார். சில நிமிடங்களில் அது இறுகியது. நுரைத்துண்டு, பசை செவிப்பறைவரை போகாமல் தடுக்கத்தான். தம்பி அழுதது பிடித்துக்கொண்டதற்காக, வலியால் அன்று. முதல் ஆண்டில் சில வாரங்களிலேயே அச்சு சிறியதாகிவிடுவதும் உண்டு. அதனால் கீச்சொலிக்குக் காத்திராமல் அடுத்த சந்திப்பையும் பதிந்துவிட்டேன். புது அச்சு வரும்வரை பழையதையே போடுகிறோம். காது மடலில் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.

கருவி தொலைவதைப் பற்றிய உன் பயம் நியாயமானதே. இப்போது அவன் கைக்கு எட்டுவதையெல்லாம் பிடுங்குகிறான். தளர்ந்த அச்சு இன்னும் எளிதாகக் கழன்றுவிடும். இரண்டு கருவிகளையும் கயிற்றில் கோத்து, கவ்வியைச் சட்டையின் முதுகுப்பக்கம் மாட்டிவிடுகிறேன். முன்பக்கம் மாட்டினால் கயிறு நேராக வாய்க்குப் போகும். எம்ஆர்டியில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் இரு காதையும் தொட்டுப் பார்க்கிறேன். காதிலிருந்து எடுத்தால் பெட்டிக்குத்தான் போக வேண்டும், மேசைக்கோ என் கைப்பைக்கோ போகக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பேட்டரிக் கதவின் பூட்டை ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறேன். அந்தப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் பெரும் ஆபத்து. அப்படிச் சந்தேகம் வந்தாலே உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் குழாய்க்குள் நீர்த்துளி கோத்துவிடுகிறது. அச்சைக் கருவியிலிருந்து பிரித்து, ரப்பர் ஊதியால் ஊதி வெளியேற்றுகிறேன். அச்சை மட்டும் கழுவலாம், கருவியில் தண்ணீர் படவே கூடாது. இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் மணிகள் உள்ள டப்பாவில் கருவியை வைக்கிறேன்.

புது அச்சுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறார்கள். தரையில் விழுந்தால் கண்ணில் படும் பளிச்சென்ற நிறமாக நீயே தேர்ந்தெடுத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா