வடிவம் கிடைத்தால் மட்டும் மருந்தாகாது

ஆசிரியருக்கு,

புரதத்தின் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவு கணித்துவிட்டாலே மருந்து கைக்கு வந்துவிட்டது போல் செய்திகள் வருகின்றன. இப்படிக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் சாதித்தது பெரிய விஷயம்தான். படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, சில சமயம் ஆண்டுக்கணக்கில் தேடிய வடிவம் இப்போது மிக விரைவாகக் கிடைக்கிறது. 2022-இல் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன.

சரி, ஆனால் புரதம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைகிறது, உருமாறுகிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இமாட்டினிப் மருந்தையே பாருங்கள். அது முடக்க வேண்டிய புரதமான ஏபிஎல் என்ற நொதி செயல்படாமல் இருக்கும் நிலையில், அதன் ஒரு சிறு பகுதி புரண்டுகொள்ளும்போது ஒரு குழி திறக்கிறது. மருந்து இறுக்கமாகப் பொருந்துவது அந்தக் குழியில்தான். கணிப்போ வழக்கமாக ஒரு நிலையை மட்டுமே காட்டும். அது நொதி செயல்படும் நிலையாக இருந்துவிட்டால், இந்தக் குழி படத்திலேயே இருக்காது. கணிப்புடன் வரும் நம்பக மதிப்பெண் 90-ஐத் தாண்டியிருந்தாலும் இது தெரியவராது.

ஆகவே மருந்தாகக்கூடிய மூலக்கூறைத் தயாரித்து, அது புரதத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளக்க வேண்டும். அப்புறம் செல்லுக்குள் போகிறதா, கல்லீரல் அதைச் சிதைத்துவிடுகிறதா, வேறு நொதிகளையும் முடக்குகிறதா என்று ஆய்வகத்தில்தான் பார்த்தாக வேண்டும். 'புதிய மருந்து' என்று தலைப்பிடும்போது, இவற்றில் எந்தக் கட்டம் முடிந்திருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்