பாட்டியின் கையெழுத்துக்கு எங்கே போவேன்? மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி உதவி மின்பொறியாளர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கரன்ட் பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் போனில் கட்டிவிடுவேன், யாரும் எதுவும் கேட்டதில்லை, நானும் அப்படியே விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று பார்த்தால், மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்துக்கு இணைப்பு என் பெயரில் இருந்தாக வேண்டும். அதனால்தான் பெயரை மாற்ற உங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்தேன்.

கவுன்டரில் இருந்தவர் வாரிசு சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அதில் நாலு பெயர்: அம்மா, அக்கா, நான், அப்புறம் பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர். (மகன் உயில் எழுதாமல் இறந்தால் அவனுடைய அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே எங்களுக்குத் தாசில்தார் ஆபீஸில்தான் தெரிந்தது.) "இதுல இருக்கற மத்த மூணு பேரும் ஆட்சேபணை இல்லைனு கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்க" என்றார். அம்மா வீட்டிலேயே இருக்கிறார். அக்கா திருப்பூரில் இருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்துவிடுவாள். பாட்டி போன வருஷம் தை மாதம் போய்விட்டார்.

அதைச் சொன்னதும், "அப்ப பாட்டியோட வாரிசுங்க கையெழுத்து வேணுமே" என்றார். அத்தை இரண்டு பேர், சித்தப்பா ஒருவர். இந்த வீட்டில் எந்தப் பங்கும் இல்லாத அவர்களிடம் போய் நான் கையெழுத்து கேட்டால், ஏதோ பங்கு இருக்கிறது போலிருக்கிறதே என்று அவர்களுக்கே தோன்றிவிடாதா? இல்லாத வில்லங்கத்தை நாமே கூப்பிட்டு உட்கார வைத்தது போல ஆகிவிடும் சார்.

என்னிடம் இன்னொரு பத்திரம் இருக்கிறது, அவர் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. அப்பா இறந்த எட்டாவது மாதம் அம்மாவும் அக்காவும் பாட்டியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார்கள். பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் கூட்டிப் போனோம், கைநாட்டு வைத்தார். அன்றோடு வீட்டில் அவருடைய பங்கு முடிந்தது, அதனால் அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போக இங்கே எதுவும் மிச்சம் இல்லை. நீங்கள் கேட்கும் ஆட்சேபணையின்மையை அம்மாவும் அக்காவும் பாட்டியும் ஏற்கனவே சார்பதிவாளர் முன்னால் சொல்லிவிட்டார்கள், வெள்ளைத்தாள் கையெழுத்தைவிட அது பலமானதுதானே. சந்தேகம் என்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், காசு இல்லாமலே பார்க்கலாம், பத்திர எண்ணோடு வரும். சொத்து வரி ரசீதும் இப்போது என் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். மின் இணைப்பில் பெயர் இருப்பதால் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது. நாளைக்கு யாராவது உரிமை கோரி வந்தால் பொறுப்பு என்னுடையது, வாரியத்துக்குச் சம்பந்தமில்லை என்று உறுதிமொழி எழுதித் தருகிறேன்.

எழுத்துப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது, நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தாத்தா பெயர் 'சி' என்று தொடங்கும். இங்கிலீஷில் அதை ஒருத்தர் எஸ் என்று எழுதுவார், இன்னொருத்தர் சி என்று எழுதுவார். மீட்டர் கணக்கு எழுதும் பழைய வெள்ளை அட்டையில் அப்பாவின் இனிஷியல் எஸ், இறப்புச் சான்றிதழில் சி. இரண்டும் ஒரே ஆள்தான். அதே கதவு எண்ணுக்கு அப்பா பெயரில் கட்டிய பழைய வீட்டு வரி ரசீதுகளைச் சேர்த்து வைக்கிறேன், அதில் இரண்டு விதமாகவும் இருக்கிறது.

பில் பாக்கி எதுவும் இல்லை. அப்பா கட்டிய காப்புத் தொகையை அப்படியே என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தால் கட்டிவிடுகிறேன்.

வருகிற திங்கள்கிழமை எல்லாவற்றையும் நகலெடுத்து, மூலத்தையும் கையில் வைத்துக்கொண்டு வருகிறேன். விடுதலைப் பத்திரத்தின் நாலாவது பக்கத்தில் பாட்டியின் கைரேகை இருக்கிறது, அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு செருகி வைத்திருப்பேன். தயவுசெய்து அதைப் படித்துப் பாருங்கள். அது போதாது என்றால் என்ன போதாது, எந்த விதிப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த முறை வேறொருவர் வேறொன்று சொல்வார். போதும் என்றால் விண்ணப்பத்தைப் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டு கொடுங்கள், பெயர் மாற்றத்துக்கான 7 நாள் கணக்கு அன்றிலிருந்து ஓடட்டும்.

இப்படிக்கு,
அப்பா பெயரில் இன்னும் பில் கட்டிக்கொண்டிருக்கும் மகன்