பாதி வழியில் இறக்கிவிடும் முன்: டெல்டா பஸ் கண்டக்டர்களுக்கும் டிரைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் தடங்களில் பஸ் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். நாக்குக் குழறி, கண் சொருகி, எந்த ஊர் என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் உளறும் ஒருவரைக் குடிகாரர் என்று நினைத்து பாதி வழியில் இறக்கிவிடுகிறீர்கள். அவர்களில் சிலர் குடித்தவர்கள் இல்லை, சுகர் இறங்கியவர்கள். இறக்கிவிடும் முன் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இது எப்படி நடக்கிறது என்று நம் ஊர் ஆள் ஒருவரை வைத்தே சொல்கிறேன். சம்பா அறுப்பு முடிந்த நேரம். அறுபது வயது விவசாயி காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, அவசரத்தில் இரண்டு இட்லியோடு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே காத்திருப்பு, நடுவில் மூட்டை நகர்த்தும் வேலை, மதியச் சாப்பாடு இல்லை. ஊசி மட்டும் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. இரண்டு மணிக்குப் பாபநாசத்தில் பஸ் ஏறும்போது அவர் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விட்டது. கை நடுங்குகிறது, சட்டை நனைகிறது. 50-ஐ நெருங்கும்போது மூளைக்குத் தேவையான சர்க்கரை போதாமல் பேச்சு குழறுகிறது, புத்தி தடுமாறுகிறது. டிக்கெட் கேட்ட உங்களையே திட்டுகிறார்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும்தான் இது பெரும்பாலும் வரும். வெயிலிலும் உடம்பு சில்லிட்டு, வெளிறி, வேர்த்துக் கொட்டினால் உடனே சந்தேகப்படுங்கள். ஆனால் பல வருடமாகச் சுகர் உள்ள சிலருக்கு வேர்வையும் நடுக்கமும் வராமல் நேரே குழப்பம்தான் வரும். அதனால் வாய்விட்டே கேளுங்கள்: "ஐயா, உங்களுக்கு சுகர் இருக்கா? ஊசி போடுறீங்களா? சாப்பிட்டீங்களா?" பதில் வராவிட்டால் அவர் பையில் மாத்திரை அட்டையோ இன்சுலின் பேனாவோ இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர்களைச் சாட்சி வைத்துக்கொண்டு பாருங்கள்.

வாயில் சாராய வாடை அடித்தாலும் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். குடித்தால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது தடைபடும். சுகர்காரர் வெறும் வயிற்றில் குடித்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

விழித்திருந்து, முழுங்க முடிகிறவராக இருந்தால், மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மெல்லக் குடிக்க வையுங்கள். குளுக்கோஸ் கிடைத்தால் அதுவே நல்லது. வோக்லிபோஸ் என்ற மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை தாமதமாகத்தான் ஏறும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். சுகர் ஃப்ரீ பானம் உதவவே உதவாது. "எனக்கு ஒண்ணுமில்ல, விடு" என்று அவர் தட்டிவிடலாம். மூளைக்குச் சர்க்கரை போகாததுதான் அப்படிப் பேச வைக்கிறது. அதட்டாமல், "ஒரு வாய் குடிங்க ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் அதே அளவு இன்னொரு முறை கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒருவேளை அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. அந்த ஒரு டம்ளரால் பெரிய கெடுதல் வராது. தாழ்ந்த சர்க்கரையை அப்படியே விட்டால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். தெரியாதபோது சர்க்கரை கொடுப்பதுதான் சரி. இன்சுலின் மட்டும் யாரும் போட்டுவிடக் கூடாது.

மயங்கிவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் போய்விடும். கையில் சாவி திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குச் சொல்லி, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ ஒரு கை தொங்கினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போதும் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-தான்.

தெளிந்த பிறகும் தனியாக அனுப்பாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வைத்து வீட்டுக்குப் போன் போடுங்கள். மாத்திரையால் தாழ்ந்திருந்தால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் தாழலாம். வயதானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

டிப்போ மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பஸ்ஸில் இருக்கும் முதலுதவிப் பெட்டியில் ஒரு குளுக்கோஸ் பவுடர் பாக்கெட், ஒரு டம்ளர், ஒரு தண்ணீர் பாட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் பவுடர் கட்டிதட்டிப் போகும், அதனால் மூடி இறுகிய டப்பாவில் போட்டு, காலாவதித் தேதி பார்த்து மாற்றுங்கள்.

இப்படிக்கு,
அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர்